நெடுநகைச்சுவையின் மூச்சு: ‘காதலிக்க நேரமில்லை’யை முன்வைத்து

நகைச்சுவைத் துணுக்கு ஒன்று அரை நிமிடத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு விலகிவிடும். அதற்கு முன்கதை தேவையில்லை. அது முடிந்தபின் அதில் வந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று எவரும் கேட்பதுமில்லை. ஆனால் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக ஓடும் திரைப்படமோ, இடைவேளை விட்டு நடக்கும் சபா நாடகமோ முழுக்க நகைச்சுவையாகவே அமையும்போது, துணுக்குகளை அடுக்கிக்கொண்டே போனால் போதும் என்ற கணக்கு செல்லுபடியாவதில்லை. முதல் அரை மணி நேரத்தில் வயிறு குலுங்கச் சிரித்த அவை, அதே தரத்தில் அமைந்த துணுக்குகளுக்கு இரண்டாம் மணி நேரத்தில் புன்னகையோடு நின்றுவிடுகிறது என்பதை மேடையில் எழுதிப் பழகிய எவரும் அறிவர். துணுக்கின் தரம் அங்கே குறைவதில்லை. அது எந்த வழியாக வரும் என்பதை அவை முன்கூட்டியே அறிந்துகொள்கிறது. நெடுநகைச்சுவையை எழுதுபவர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர் இதுவே.

இந்த இடரை எதிர்கொள்ள எழுத்தாளர் கையில் மூன்று சரடுகள் இருக்கின்றன. ஒரே வேடிக்கை கதை நெடுக விட்டுவிட்டுத் திரும்ப வருவதைத் தொடர்நகை எனலாம். பாத்திரங்கள் யாராயிருந்தாலும் சிக்கிக்கொண்ட நிலைமையே சிரிப்பூட்டுமாயின் அது சூழல்நகை. ஆள்மாறாட்டமும், ஒளிந்திருப்பவன் தும்முவதும், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தாக வேண்டிய நெருக்கடியும் இதில் அடங்கும். ஒருவரின் இயல்பிலிருந்து பிறந்து, வேறொருவர் வாயில் வந்தால் சிரிப்பு வராது என்னும்படி அமைவது பாத்திரநகை. இவற்றுள் எது உயர்ந்தது என்ற பழைய விவாதம் இங்கே தேவையில்லை. ஒன்று களைக்கும்போது மற்றொன்று பாரத்தை வாங்கிக்கொள்கிறதா, ஒவ்வொன்றும் திரும்பி வரும்போது எதையேனும் மாற்றிக்கொண்டு வருகிறதா என்பவையே இவ்வுரை எடுத்துக்கொள்ளும் கேள்விகள். அவற்றைப் பார்க்க 1964இல் வெளிவந்த, ஸ்ரீதர் இயக்கிய, அவரும் சித்ராலயா கோபுவும் சேர்ந்து எழுதிய ‘காதலிக்க நேரமில்லை’ போதுமான களமாகும்.

அப்படத்துக்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1959இல், ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த ‘கல்யாணப் பரிசு’ துயரக் கதை. அதில் தங்கவேலுவும் எம். சரோஜாவும் நடித்த நகைச்சுவைப் பகுதி, அக்காலத் தமிழ்ப் படங்களின் வழக்கப்படி, மையக் கதைக்குப் பக்கத்தில் தனிக் கிளையாக ஓடியது. வேலையே இல்லாத ஒருவர் ‘மன்னார் அண்டு கம்பெனி’யில் வேலை பார்ப்பதாக மனைவியிடம் சொல்லும் பொய்யும், அந்தப் பொய்யைக் காப்பாற்ற மேலும் மேலும் சொல்ல நேரும் பொய்களும் அக்கிளையின் உயிர். அந்தத் தொடர்நகை அலுக்காமல் நின்றதற்கு எழுத்தின் திறமை மட்டும் காரணமன்று. ஒவ்வொரு முறை அது வந்துபோன பிறகும் அவை காதலர்களின் கண்ணீருக்குத் திரும்பிச் சென்றது என்பதும் காரணம். துயரக் கதை நகைச்சுவைக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்ந்து திரும்பிய நகைச்சுவை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தோன்றியது.

‘காதலிக்க நேரமில்லை’யில் அந்த ஓய்வு கிடையாது. பக்கத்தில் ஓடிய கிளையே இங்கே மரமாகிவிட்டது. பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் நகைச்சுவை நடிகரின் வேலையைக் கதாநாயகர்களே செய்கிறார்கள். சின்னமலை எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக டி.எஸ். பாலையா வருகிறார். அவருடைய மகள்கள் காஞ்சனாவும் நிர்மலாவும், மகன் செல்லப்பா. செல்லப்பாவாக நாகேஷ். எஸ்டேட்டில் வேலை பார்த்து, முதலாளியின் மகள்களோடு ஏற்பட்ட உரசலால் வேலையிழந்த அசோகன், வீட்டுக்கு எதிரிலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்து வேலையைத் திரும்பக் கேட்கிறான். பிறகு நிர்மலாவைக் காதலிக்கிறான். விசுவநாதன் பணக்காரச் சம்பந்தத்தைத் தவிர வேறெதையும் ஏற்கமாட்டார் என்பதால், தான் பெருஞ்செல்வர் ஒருவரின் மகன் என்று சொல்லி, நண்பன் வாசுவை அந்தச் செல்வராக வேடம் கட்டி வரவழைக்கிறான். வந்த வாசுவுக்கு, தான் காதலிக்கும் காஞ்சனா இதே வீட்டுப் பெண் என்பது வந்தபின்தான் தெரிகிறது. கதை இவ்வளவுதான். சிறிதும் சிக்கலற்ற இந்தக் கதை முழு நீளத்துக்கும் தாங்குவதற்கு மூன்று சரடுகளும் முறை மாற்றி முன்னே வருவதே காரணமென்று காட்ட முடியும்.

தொடர்நகையிலிருந்து தொடங்குவது பொருத்தம், ஏனெனில் எழுத்தாளர்கள் மிகுதியாகத் தவறுவது அதில்தான். செல்லப்பாவின் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ இப்படத்தின் தொடர்நகை. பெயரைத் தவிர அந்தப் படக் கம்பெனிக்கு ஒன்றுமில்லை. பணமில்லை, கதையில்லை, நடிகர்களில்லை. இதைத் தொடர்நகையாக அமைக்க எளிதான ஒரு வழி உண்டு: செல்லப்பா வரும்போதெல்லாம் கம்பெனியின் பெயரைச் சொல்ல வைப்பது. முதல் மூன்று முறை அவை சிரிக்கும். அதற்குப்பின் பெயர் வெறும் அடையாளமாகிவிடும். ஸ்ரீதரும் கோபுவும் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு வருகையிலும் கம்பெனிக்கு இல்லாத ஒன்றைச் செல்லப்பா தேடுகிறான். பணம் இல்லாதபோது தந்தையிடம் போகிறான். நடிகை இல்லாதபோது எஸ்டேட்டிலேயே உள்ள மீனாட்சியிடம் போகிறான்; சச்சு நடித்த அந்தப் பாத்திரம் நடிப்பாசையால் அவனுடைய கனவுக்குள் தானும் நுழைகிறது. கதை இல்லாதபோது மீண்டும் தந்தையிடமே வருகிறான். இல்லாமை ஒன்றே, ஆனால் இல்லாத பொருளும், அதற்காகப் பிடிபடும் ஆளும் ஒவ்வொரு முறையும் மாறுகின்றன. இதனால் ஒரே வேடிக்கை பழையதாகவும் புதியதாகவும் ஒருசேரத் தோன்றுகிறது. பழையது என்ற அறிமுகமே சிரிப்பைத் தயாராக வைக்கிறது, புதியது என்ற திருப்பம் அதை வெளியே கொண்டுவருகிறது.

சிரிப்பைப் பற்றி 1900இல் நூல் எழுதிய பிரெஞ்சு மெய்யியலாளர் ஆன்றி பெர்க்சன், திரும்ப வருவது ஏன் நகைப்பூட்டுகிறது என்பதற்கு ஒரு பொம்மையைச் சான்றாகக் காட்டினார். மூடியைத் திறந்ததும் விற்சுருளால் துள்ளி எழும் பொம்மை அது. அழுத்தி உள்ளே தள்ளினாலும் மறுபடி எழும். வெறும் திரும்புதல் நகைப்பைத் தருவதில்லை, அழுத்தப்பட்ட ஒன்று திரும்புவதே தருகிறது என்பது அவர் கருத்து. இதை எழுத்துத் தொழிலின் மொழியில் சொன்னால், தொடர்நகைக்கு ஒரு பித்துக்காரன் மட்டும் போதாது, அவனை ஒவ்வொரு முறையும் அழுத்தி வைக்க இன்னொருவரும் வேண்டும் என்றாகிறது. செல்லப்பாவின் ஆசைக்கு அழுத்தம் கொடுப்பவர் விசுவநாதன். காசைக் கையை விட்டு விடாத தந்தை இல்லாவிட்டால் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் இரண்டாம் வருகையிலேயே படமெடுக்கத் தொடங்கியிருக்கும். நகையும் அங்கேயே முடிந்திருக்கும். பல படங்களில் தொடர்நகை செத்துப்போவதற்குக் காரணம் தேடினால், வேடிக்கைக்காரனுக்கு எதிரே நிற்க வேண்டியவர் பாதியிலேயே அவனுக்குப் பழகிவிட்டார் அல்லது கதையிலிருந்து காணாமற்போய்விட்டார் என்பது புலப்படும்.

தந்தைக்குச் செல்லப்பா கதை சொல்லும் காட்சியில் மூன்று சரடுகளும் ஒரே முடிச்சில் சந்திக்கின்றன. தமிழ் ரசிகர்கள் மனப்பாடமாக அறிந்த காட்சி அது. எனினும் அதன் அமைப்பைப் பற்றிப் பேச்சு குறைவு, நடிப்பைப் பற்றிய புகழ்ச்சியே மிகுதி. செல்லப்பா சொல்வது திகில் கதை. கதை என்று அதில் ஏதுமில்லை. இருட்டும் ஒலியும் மட்டுமே உண்டு, அந்த ஒலிகளையும் அவனே வாயால் எழுப்புகிறான். பாலையாவுக்கு அக்காட்சியில் பேச்சு மிகக் குறைவு. அச்சம் மெல்ல மெல்ல முகத்தில் ஏறுவதே அவருடைய வேலை. இக்காட்சியைத் தனியே வெட்டி எடுத்துப் பார்த்தாலும் சிரிப்பு வருகிறது என்பது உண்மை. ஆனால் படத்துக்குள் வைத்துப் பார்க்கும்போது வரும் சிரிப்பு வேறு. ஓஹோ புரொடக்‌ஷன்ஸிடம் கதையே கிடையாது என்பது அவைக்கு முன்பே தெரியும்; எனவே ஒன்றுமில்லாத ஒன்று இத்தனை விரிவாகச் சொல்லப்படுவது தொடர்நகையின் உச்சமாகிறது. மகனிடம் அகப்பட்டுக்கொண்டு எழுந்து போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் தவிப்பது சூழல்நகை. ரூபாய்க் கணக்கைத் தவிர எதையும் நம்பாத மனிதர், கணக்கே இல்லாத வெற்றொலிக்கு நடுங்குவது பாத்திரநகை.

இக்காட்சியின் வெற்றிக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மேடையில் அவை சிரிக்கும்போது நடிகர் காத்திருப்பார். சிரிப்பு இறங்கத் தொடங்கும் நொடியில் அடுத்த வசனத்தைத் தொடங்குவது சபா நாடகக்காரர்கள் பழகிப் பழகிப் பெறும் வித்தை. திரைப்படச் சுருள் காத்திருப்பதில்லை. எந்த ஊரில், எத்தனை பேர், எவ்வளவு நேரம் சிரிப்பார்கள் என்பது படத்தொகுப்பாளருக்குத் தெரியாது. வசனம் வசனத்தை மோதினால் ஒரு சிரிப்பு அடுத்த சிரிப்பை விழுங்கிவிடும். அதிக இடைவெளி விட்டால் ஆளில்லாத காலைக்காட்சியில் அந்த இடைவெளி வெறிச்சென்று நிற்கும். கதை சொல்லும் காட்சியில் இந்தச் சிக்கல் அழகாகத் தீர்ந்திருக்கிறது: சிரிப்பு எழும் இடங்களில் திரையில் இருப்பது பாலையாவின் முகம். அவை சிரித்தால் வசனம் எதுவும் மூழ்குவதில்லை. சிரிக்காவிட்டாலும் அங்கே பார்க்க ஒரு மாற்றம் இருந்துகொண்டே இருக்கிறது.

அக்காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டிய இன்னொன்று, அது திரும்ப வரவில்லை என்பது. இத்தனை வலிமையான காட்சி கிடைத்தபின், அதையே புதிய தொடர்நகையாக நீட்டும் ஆசை எந்த எழுத்தாளருக்கும் எழும். பின்வரும் காட்சிகளில் கதவு கிரீச்சிடும்போதெல்லாம் விசுவநாதன் துள்ளி விழலாம். செல்லப்பா வாயைத் திறந்தாலே காதைப் பொத்திக்கொள்ளலாம். இவை சிரிப்பைத் தந்திருக்கவும் கூடும். ஆனால் அதற்கு விலை உண்டு. அச்சப்படுபவர் என்பது விசுவநாதனின் அடையாளமாகிவிட்டால், பேராசைக்காரர் என்ற அடையாளம் பின்னுக்குப் போகும். ஆள்மாறாட்டக் கதை முழுவதும் நிற்பது அந்தப் பேராசையின் மேல்தான். நகைக்காக எடுத்த கடனை மையக் கதை அடைக்க நேரும். உச்சத்தைத் தொட்ட சரடை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த சரட்டைப் பிடிக்கும் துணிவு, எழுத்தறையில் காணக் கிடைப்பது அரிது.

ஒரே காட்சிக்குள் நிகழும் மீள்வரவைத் தொடர்நகையோடு குழப்பிக்கொள்ளாமல் இருப்பதும் வேண்டும். 1989இல் வந்த ‘கரகாட்டக்கார’னில் இரண்டு வாழைப்பழம் வாங்கி வரச் சொல்லி அனுப்பப்பட்ட செந்தில், ஒன்றைத் தின்றுவிட்டு மற்றொன்றைக் காட்டி, கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரே விடையைச் சொல்லும் காட்சி எவருக்கும் தெரியும். அங்கே விடை மாறுவதில்லை; கவுண்டமணியின் கோபம் படிப்படியாக ஏறுவதே மாற்றம். கோபம் ஏற ஓர் எல்லை உண்டு, எல்லையைத் தொட்டதும் காட்சி முடிந்தாக வேண்டும். ஆகவே அது ஒரு காட்சிக்குச் சரியான பொறி. படம் முழுக்க ஓடும் பொறியன்று. இவ்வகைக் காட்சியின் வெற்றியைக் கண்டு அதையே இடைவேளைக்குப் பின்னும் நடத்திய படங்கள் பல தடுக்கி விழுந்தன.

சூழல்நகைக்கு வருவோமாயின், அதன் இயல்பே வேறு. தொடர்நகை விட்டுவிட்டு வந்தால்தான் இன்பம். சூழல்நகையோ விடாமல் இறுகிக்கொண்டே போக வேண்டும். வாசுவின் வேடம் வெளிப்பட்டுவிடுமோ என்ற ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டுக்கொண்டிருந்தால் அவை அதற்கும் பழகிவிடும். எனவே, யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற கணக்கை எழுத்தாளர் மாற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. முதலில் உண்மை அறிந்தவர்கள் நண்பர்கள் இருவர் மட்டுமே. வாசு காஞ்சனாவை அந்த வீட்டில் கண்டதும், அசோகனுக்கு உதவ வந்தவனுக்குத் தன் காதலே பணயமாகிவிடுகிறது. முன்பு வேடம் கலைந்தால் நண்பனின் கல்யாணம் மட்டும் நிற்கும்; இப்போது தன் கல்யாணமும் நிற்கும். மாமனாராக வரவேண்டியவரிடம் சம்பந்தியாக உட்கார்ந்து பேசும் நிலை அவனுக்கு. பிறகு வாசுவின் உண்மையான தந்தை, விசுவநாதனுக்கு முன்பே பழக்கமானவர், கதைக்குள் வரும்போது பொய்த் தந்தை ஒருவரும் மெய்த்தந்தை ஒருவரும் ஒரே வட்டத்துக்குள் நிற்கிறார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வேடம் அதேதான், ஒட்டுமீசையும் அதேதான். வேடம் கலைந்தால் போகக்கூடியது மட்டும் பெருகிக்கொண்டே வருகிறது.

இத்தனைக்கும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. ஒரு முதலாளி இவ்வளவு எளிதில் ஏமாறுவாரா? நம்பமுடியாத ஏமாற்றத்தின்மேல் கட்டிய சூழல்நகை வலுவற்றது. அவை மனத்துக்குள் மறுக்கத் தொடங்கினால் சிரிப்பு வற்றிவிடும். இங்கேதான் பாத்திரநகை சூழல்நகைக்குத் தூணாக நிற்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைச் சொல்கிறது. பேதைமை என்பது அறியாமை; மடன் என்பதோ, பிறர் கற்பித்ததை ஏற்றுக்கொண்டு, ஏற்றதை விடாமலிருப்பது என்று விளக்கப்படுவதுண்டு. விசுவநாதன் பேதையல்லர், எஸ்டேட்டை ஆளத் தெரிந்தவர், கூலியைக் குறைக்கத் தெரிந்தவர், மகனின் வாய்ப்பேச்சுக்குப் பணம் தராமலிருக்கத் தெரிந்தவர். அவரிடம் இருப்பது மடன். வந்திருப்பவர் பெருஞ்செல்வர் என்று ஒருமுறை மனத்தில் பதிந்ததும், கண்ணெதிரே காணும் ஒவ்வொரு முரணையும் செல்வரின் வழக்கம் என்று அவரே விளக்கிக்கொள்கிறார். ஏமாற்றுபவர்கள் செய்ய வேண்டிய வேலையில் பாதியை அவருடைய ஆசையே செய்துவிடுகிறது. நேற்றுவரை வேலைக்காரனாக நடத்திய இளைஞனிடம் பாலையாவின் குரலும் முதுகும் வளைவது பாத்திரநகையின் தேர்ந்த சான்று. அந்த வளைவைக் கண்டபின் அவர் ஏமாறுவதை அவை கேள்வி கேட்பதில்லை.

நெடுநகைச்சுவைக்கு வேண்டிய ஓய்வைப் பாடல்கள் தருகின்றன என்பதைச் சுருக்கமாகக் குறித்தால் போதும். விசுவநாதன்–ராமமூர்த்தி இசையில், கண்ணதாசன் எழுத்தில் அமைந்த பாடல்களில் பெரும்பாலானவை காதல் பாடல்கள்; அவற்றின்போது எவரும் சிரிக்க வேண்டியதில்லை. வேலை கேட்டு அசோகன் நடத்தும் போராட்டப் பாட்டு மட்டும் விதிவிலக்கு. இசையமைப்பாளரின் பெயரும் முதலாளியின் பெயரும் ஒன்றாயிருப்பதால் அப்பாட்டுக்கு அக்கால ரசிகரிடையே இன்னொரு சுவையும் சேர்ந்திருக்கும்.

ஒரே பொறியை முழுப் படத்துக்கும் நம்பும்போது என்ன நேரும், அதை எப்படிச் சமாளிக்கலாம் என்பதற்கு 1990ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ மாற்றுச் சான்று. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்க, கிரேசி மோகன் வசனம் எழுத, கமல்ஹாசன் நான்கு வேடங்களில் நடித்த அப்படத்தின் பொறி ஆள்மாறாட்டம் ஒன்றுதான். ஒரே முகம் நான்கு என்பதால் தவறான ஆளை அழைப்பதும் அடிப்பதும் காதலிப்பதும் எத்தனை முறை நிகழ்ந்தாலும் அடிப்படையில் ஒரே நகைதான். கிரேசி மோகன் அதன் களைப்பைப் போக்கியது பேச்சால். சமையற்காரர் காமேஸ்வரனின் பாலக்காட்டுத் தமிழும், லண்டனில் வளர்ந்த மதனின் மிடுக்கும், தீயணைப்பு வீரர் ராஜுவின் இயல்பான பேச்சும் ஒன்றோடொன்று கலக்காதவை. ஆகவே ஒரே ஆள்மாறாட்டம் வெவ்வேறு விதமாக ஒலிக்கிறது. சொற்சிலேடை என்பது பெரும்பாலும் எழுத்தாளரின் குரலாகவே தனித்துத் துருத்தும். காமேஸ்வரன் வாயில் வரும்போது மட்டும் அது வெள்ளந்தியான ஒருவரின் தவறிய புரிதலாக உருமாறிவிடுகிறது. இதனால்தான் அப்பாத்திரத்தின் காட்சிகள் மற்றவற்றைவிட நீடித்திருக்கின்றன. சாப்ளினின் 1925ஆம் ஆண்டு ‘தி கோல்டு ரஷ்’ படத்தை நினைவூட்டும் இறுதிக் காட்சியில், மலையுச்சி வீடு ஊசலாடும்போது எல்லாரும் ஒரே அலறலில் கலந்துவிடுகிறார்கள். அங்கே பேச்சின் வேறுபாடு மறைந்து சூழல் மட்டும் மிஞ்சுவதால், பொறி மிகப் பெரிதாகியும் நகை முன்னளவுக்கு ஏறவில்லை என்பது இவ்வுரையின் கணிப்பு. மாற்றுக் கருத்துடையோர் நிறையவே இருப்பர்.

ஒரு சரடு களைத்துவிட்டதை எழுதும்போதே கண்டறிய வழிகள் உண்டு. பாத்திரம் உள்ளே நுழையும்போது சிரிப்பு வந்து, அது பேசும்போது வராவிட்டால், அவை பழைய நினைவுக்குச் சிரிக்கிறது என்று பொருள். ஒத்திகையிலேயே இது தெரிந்துவிடும். ஒரு வருகையை முழுதும் நீக்கிவிட்டுப் பார்க்கும்போது அடுத்த வருகைக்கு எந்தக் குறையும் நேரவில்லை என்றால், அந்த வருகை எதையும் மாற்றவில்லை. சிரிப்பைப் பெறக் குரலையும் உடலசைவையும் மேலும் மேலும் பெரிதாக்க வேண்டியிருப்பதும் அதே நோயின் அடையாளம்தான். அப்போது தேவை பெரிதாக்குவதன்று, எதிரே நிற்பவரை மாற்றுவது.

‘காதலிக்க நேரமில்லை’ 1966இல் ‘பியார் கியே ஜா’ என்ற பெயரில், ஸ்ரீதராலேயே, இந்தியில் எடுக்கப்பட்டது. செல்லப்பாவின் இடத்தில் மெஹ்மூதும், விசுவநாதனின் இடத்தில் ஓம் பிரகாஷும் நடித்தனர். கதை சொல்லும் காட்சி மொழி கடந்தும் வென்றது. அதற்கு வேண்டியது ஒலியும் முகமும், பிடிவாதமான மகனும், காசை விடாத தந்தையும் என்பதால் அதில் வியப்பில்லை. ஆனால் வேடம் கட்டும் நண்பனாக முத்துராமனின் இடத்தில் அங்கே வந்தவர் கிஷோர் குமார், தாமே தேர்ந்த நகைச்சுவை நடிகர். தமிழில் அப்பாத்திரத்தை ஏற்ற முத்துராமன் நகைச்சுவைக்கென்று அறியப்பட்டவரல்லர். வேடத்துக்குள் அகப்பட்டு வியர்க்கும் சாதாரண இளைஞனாகவே அவர் தெரிவதால், சிரிப்பு முழுவதும் சூழலிலிருந்து கிளம்புகிறது. இந்தியில் வேடம் கட்டியவரே வேடிக்கைக்காரராகவும் அமைந்துவிட்டதால், சூழல் தரவேண்டிய சிரிப்பில் ஒரு பங்கை நடிகரின் சேட்டையே முன்கூட்டி வாங்கிக்கொள்கிறது.